041-ஆம் எண் மடிக்கணினி யாரிடம் இருந்தது? – பினாங்கு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் நடத்தும் நம்மவர்களுக்கும், அங்கே எச்.ஆர்., அட்மின் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவன். பதினைந்து வருடமாக அலுவலகங்களுக்குக் கணினி பராமரிக்கும் வேலை. தினமும் பாலம் ஏறித் தீவுக்குப் போய், பாயான் லெப்பாஸ், பாயான் பாரு, ஜார்ஜ் டவுன் என்று நாலைந்து கம்பெனிகளுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பேன். முப்பது பேர் வேலை செய்யும் இடமும் உண்டு, நூறு பேர் இருக்கும் இடமும் உண்டு. ஊழியருக்குக் கொடுக்கும் மடிக்கணினி, கைப்பேசி இவற்றுக்கு நீங்கள் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்பதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது எங்கும் நடக்கக்கூடியது. கணக்குப் பிரிவில் வேலை செய்த ஒரு தங்கச்சி வேறு இடத்தில் வேலை கிடைத்து, முறையாக நோட்டீஸ் கொடுத்து, ஜனவரி கடைசியில் விலகினார். கடைசி நாள் மாலை மடிக்கணினி, சார்ஜர், பை மூன்றையும் எச்.ஆர். மேசையில் வைத்தார். எச்.ஆர். அம்மா எக்செல் பட்டியலைத் திறந்தார். தங்கச்சியின் பெயருக்கு நேரே 041 என்று இருந்தது. மேசையில் இருந்த கணினியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணோ 017.

“இது பழைய ஸ்டோர் லேப்டாப் ஆச்சே. உங்களோடது எங்கே?”

தங்கச்சிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பத்து மாதமாக அதில்தான் வேலை செய்கிறேன் என்றார். பட்டியல் வேறு மாதிரி சொல்லியது. 041 வாங்கிய விலை 3,600 வெள்ளி. அவருடைய கடைசி மாதச் சம்பளமோ அதைவிடக் குறைவு. விஷயம் தெளிவாகும் வரை சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. தைப்பூசம் நெருங்கிய வாரம் அது. மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, “அண்ணே, நான் எடுக்கலண்ணே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

உண்மையில் நடந்தது இதுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது.

முந்தைய வருடம் மார்ச்சில் 041-இன் சார்ஜ் செருகும் இடம் உடைந்தது. வாரண்டியில் பழுதுபார்க்க அனுப்பினார்கள். அதுவரை சமாளிக்க, அலமாரியில் இருந்த 017-ஐ ஐ.டி. பையன் எடுத்துக் கொடுத்தான். அதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி, கணக்குப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் “ஸ்பேர் கொடுத்தாச்சு” என்ற ஒரு வரி. ஏப்ரலில் 041 சரியாகி வந்தது. அப்போது மாதக் கணக்கு முடிக்கும் நேரம். ஃபைல்களை எல்லாம் மறுபடி மாற்றிக்கொண்டிருக்க முடியாது, இதிலேயே இருந்துகொள்கிறேன் என்று தங்கச்சி சொல்ல, 041 அலமாரிக்குப் போனது. ஜூனில் விற்பனைப் பிரிவுக்கு ஒரு தம்பி புதிதாக வந்தான். அலமாரியில் இருந்ததிலேயே நல்ல கணினி 041, அதை எடுத்துக் கொடுத்தார்கள். அவனுடைய சேர்க்கைப் படிவத்தில் “லேப்டாப் – 1, சார்ஜர் – 1” என்று எழுதியிருந்தது. எந்த லேப்டாப் என்று இல்லை. எக்செல் பட்டியலை யாரும் தொடவேயில்லை. அக்டோபரில் அந்தத் தம்பி வேலையை விட்டான். விலகல் படிவத்தில் “லேப்டாப் ஒப்படைத்தார்” என்ற கட்டத்தில் மேனேஜர் டிக் போட்டிருந்தார். கதவு அட்டையும் கைப்பேசியும் திரும்ப வந்துவிட்டதால் எல்லாமே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

நான் கண்டுபிடித்தது ஆன்டிவைரஸ் நிர்வாகத் திரையில். ஒவ்வொரு கணினியும் கடைசியாக எப்போது இணையத்துக்கு வந்தது, யார் பெயரில் திறக்கப்பட்டது என்று அதில் தெரியும். 041 கடைசியாக நவம்பர் இரண்டாம் வாரம் திறக்கப்பட்டிருந்தது, அந்தத் தம்பியின் பெயரில். அவன் விலகிப் போன பிறகு! கூப்பிட்டுக் கேட்டேன். “என் பையில்தான் இருக்குண்ணே. திங்கட்கிழமை கொண்டு வரேன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன், அவரும் சரின்னார். அப்புறம் யாரும் கேட்கவே இல்லை” என்றான். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். தங்கச்சியின் சம்பளம் மூன்று வாரம் தாமதமாக வந்தது.

இதில் திருடன் யாரும் இல்லை. தங்கச்சி, ஐ.டி. பையன், மேனேஜர், எச்.ஆர். அம்மா எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள். கோளாறு பட்டியலின் அமைப்பில். அதைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் பார்த்த பெரும்பாலான பட்டியல்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கணினிக்கு ஒரு வரி, அதில் “யாரிடம்” என்று ஒரு கட்டம். ஆள் மாறினால் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை அடிப்பார்கள். அல்லது அடிக்க மறந்துவிடுவார்கள். அழித்தால் பழைய கதை போய்விடுகிறது, மறந்தால் பொய்க் கதை நிற்கிறது. எதுவாக இருந்தாலும், பொருள் எப்போது, யாரிடமிருந்து, யாருக்குப் போனது என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இதற்குப் பதிலாக, கணக்குப் பிரிவினர் பணத்துக்கு எழுதும் பேரேடு மாதிரி எழுதுங்கள். பொருள் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் ஒரு புது வரி. தேதி, பொருளின் சீரியல் எண், யாரிடமிருந்து, யாருக்கு, கூடவே என்னென்ன போனது, எந்த நிலையில் இருந்தது, கொடுத்தவர் கையொப்பம், வாங்கியவர் கையொப்பம். எழுதிய வரியை அழிக்கக் கூடாது, தவறு என்றால் கீழே இன்னொரு வரி எழுதித் திருத்த வேண்டும். ஒரு பொருள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிய, அந்த எண்ணுக்கு உரிய கடைசி வரியைப் பார்த்தால் போதும். ஸ்டோர் அலமாரியும் பழுதுபார்க்கும் கடையும்கூட இந்தப் பேரேட்டில் ‘ஆள்’கள்தான். இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொருள்கள் காணாமல் போவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களின் வாசலில்தான்.

மேலே சொன்ன கதையை இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மார்ச்சில் இரண்டு வரி: 041 தங்கச்சியிடமிருந்து கடைக்கு, 017 ஸ்டோரிலிருந்து தங்கச்சிக்கு. ஏப்ரலில் ஒரு வரி: 041 கடையிலிருந்து ஸ்டோருக்கு. ஜூனில் ஒரு வரி: 041 ஸ்டோரிலிருந்து விற்பனைத் தம்பிக்கு. அவ்வளவுதான், நாலே வரி. அக்டோபரில் தம்பி விலகும் நாளில் அவன் பெயரைத் தேடினால் 041 வந்து நிற்கும். “லேப்டாப் ஒப்படைத்தார்” என்று வெறுமனே டிக் போட முடியாது, எந்த எண் என்று கேட்கும். ஜனவரியில் தங்கச்சியின் பெயரைத் தேடினால் 017 மட்டும்தான் வரும், அதுதான் மேசையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

இதற்கு மென்பொருள் வேண்டுமா என்று கேட்பீர்கள். Snipe-IT என்று திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் உரிமக் கட்டணம் இல்லை. கொடுத்தது, திரும்ப வாங்கியது எல்லாவற்றையும் ஒவ்வொரு பொருளுக்கும் வரலாறாக வைத்திருக்கும். நூறு பேருக்கு மேல் இருந்தால் அது நல்லது. ஐம்பது, அறுபது பேர் என்றால் எக்செல்லே போதும், அழிக்கக் கூடாது என்ற விதியை ஒருவர் காவல் காத்தால். அந்த ஒருவர் யார் என்பதைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். எங்கள் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்ணைப் பற்றி ஒன்று. நீங்கள் ஒட்டும் 041, 017 ஸ்டிக்கர் கண்ணுக்கு வசதியானது, ஆனால் அடையாளத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் அது உரிந்துவிடும், சிலர் பிய்த்து வேறொன்றில் ஒட்டியும் பார்த்திருக்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரே நாளில் பத்துக் கணினி பிரித்தால் பெட்டிகள் மாறிப்போகும். கணினிக்குள் பதிந்திருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸ் என்றால் PowerShell திறந்து இதை அடியுங்கள்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

டெல் கணினியில் இது ஏழு எழுத்தில் வரும். அவர்கள் அதை சர்வீஸ் டாக் என்பார்கள். கைப்பேசி என்றால் `*#06#` அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் எது எது என்று குழப்பம் வராது. பழுதுபார்த்து வந்த கணினியில் இந்த எண்ணை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். மதர்போர்டு மாற்றியிருந்தால், தொழில்நுட்பர் பழைய எண்ணைப் பதியாமல் விட்டுவிடுவது உண்டு. அப்போது எண் வெறுமையாக இருக்கும், இல்லையென்றால் `Default string` என்று வரும். அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, திரும்ப வாங்கும் போது செய்யும் சோதனை. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திக் கேட்பது. “மேசை மேல் வைத்துவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கிறோம்” என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பதினைந்து, இருபது நிமிடம்தான் ஆகும். கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு வைக்காமல் காலையில் வையுங்கள். கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது யாரும் சீரியல் எண்ணைச் சரிபார்க்க மாட்டார்கள்.

முதலில் எண்ணைப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கணினியைத் திறந்து, திரை, விசைப்பலகை, சார்ஜர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கொடுத்த அன்று எடுத்த படம் இருந்தால் மூலையில் உள்ள கீறல் பழையதா புதியதா என்ற சண்டையே வராது. நாலு வருடம் ஓடிய பேட்டரி உப்பியிருந்தால் அது ஊழியர் செய்த சேதமல்ல, வயசு. ஆனால் உப்பிய கணினியை அலமாரியில் திரும்ப அடுக்காதீர்கள். சார்ஜ் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள், தீப்பிடிக்கக் கூடியது அது.

கைப்பேசியில்தான் பெரிய நஷ்டம். ஐபோனில் ஊழியர் தன் சொந்த ஆப்பிள் கணக்கைப் போட்டு வைத்திருப்பார். அதிலிருந்து வெளியேறாமல் போனைக் கொடுத்துவிட்டால், நீங்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினாலும், திறக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். அவர் இதற்குள் சிங்கப்பூரில் இருப்பார். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். கூகுள் கணக்கை முதலில் நீக்காமல் மீட்பு முறையில் அழித்தால், அந்தக் கணக்கையே திரும்பக் கேட்கும். எனவே வரிசை முக்கியம்: அவருடைய சொந்தப் படங்களை அவர் எடுத்துக்கொள்ளட்டும், அடுத்து அவர் கையாலேயே கணக்கிலிருந்து வெளியேறட்டும், அதன் பிறகு அழியுங்கள். புதிதாக்கிய போன் யாருடைய கடவுச்சொல்லையும் கேட்காமல் முதல் திரைக்கு வருகிறதா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

கணினியிலும் இதுபோல ஒன்று உண்டு. கடையில் வாங்கிய விண்டோஸ் ஹோம் கணினியை ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலால் திறந்திருந்தால், வட்டு தானாகவே பூட்டப்பட்டு அதன் 48 இலக்க மீட்புச் சாவி அவருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது உங்களிடம் அது இருக்காது. அவர் எதிரே இருக்கும்போதே சாவியை எடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். கணினியை அன்றே அழித்துவிட வேண்டாம். அவர் இடத்துக்கு வருபவருக்கு வேண்டிய ஃபைல்கள் எடுக்கப்பட்டதை அவருடைய மேனேஜர் எழுத்தில் உறுதி செய்த பிறகு அழியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேரேட்டில் கடைசி வரி எழுதி இருவரும் கையொப்பம் போட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். இதைத்தான் பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. கம்பெனியிடம் ஒரு காகிதம் இருக்கும், விலகிப் போகிறவரிடம் ஒன்றும் இருக்காது. ஆறு மாதம் கழித்து கணக்கில் ஒரு கணினி குறைந்தால் அவருக்குத்தான் போன் போகும். பொருளின் எண்ணும் தேதியும் கையொப்பமும் உள்ள ஒரு தாள் அவரிடம் இருந்தால் போதும்.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வீட்டிலிருந்து வேலை செய்பவர் கூரியரில் அனுப்பும்போதும் இதே முறைதான். கட்டுவதற்கு முன் வீடியோ அழைப்பில் எண்ணைக் காட்டட்டும், கணக்குகளிலிருந்து வெளியேறட்டும். பெட்டி வந்ததும் அவரை அழைப்பில் வைத்துக்கொண்டே பிரியுங்கள். வழியில் உடைந்தது யாருடையது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

சம்பளப் பிடித்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் அக்தா கெர்ஜா எனும் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை நீங்களே எடுத்துப் படிக்கலாம். ஊழியர் சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது. முன்பணம், தவறுதலாக அதிகம் கொடுத்த சம்பளம் போன்றவை அதில் இருக்கின்றன. கணினி காணோம் என்று முதலாளி தானாகவே பிடிக்கலாம் என்று அதில் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. வேலையில் சேரும்போது “பிடித்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரியில் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறோம் என்று சிலர் என்னிடம் சொல்வார்கள். அந்த வரியை நம்பிச் சம்பளத்தில் கை வைப்பதற்கு முன் தொழிலாளர் இலாகாவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பொருள் உண்மையிலேயே போய்விட்டது என்றால் அதைத் தனியாகக் கோருங்கள், திருட்டு என்றால் போலீசில் புகார் கொடுங்கள். மாதம் முழுக்க உழைத்ததற்கான கூலி வேறு விஷயம்.

கடைசியாக, இப்போது உங்களிடம் இருக்கும் பட்டியலை என்ன செய்வது? அறுபது பேர் இருக்கும் இடத்தில் அரை நாள் வேலை. இரண்டு திசையிலும் எண்ணுங்கள். முதலில் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் தேடிப் போங்கள், இல்லாதது எது என்று தெரியும். பிறகு பட்டியலை மூடிவிட்டு ஒவ்வொரு மேசையாகப் போய், இருக்கும் பொருளின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து பட்டியலில் தேடுங்கள், பதியாதது எது என்று தெரியும். பலர் முதல் திசையோடு நிறுத்திவிடுகிறார்கள். தங்கச்சியின் மேசையில் இருந்த 017, “ஸ்டோர்” என்று பத்து மாதம் பட்டியலில் கிடந்தது இரண்டாவது திசையில் ஒருமுறை எண்ணியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். ஆட்கள் அடிக்கடி மாறும் கம்பெனி என்றால் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அந்தத் தங்கச்சிக்குச் சம்பளம் வந்துவிட்டது. ஆனால் 017-ஐ அவர் திருப்பிக் கொடுத்தார், விலகும்போது 041 அவரிடம் இல்லை என்று ஒரு தாள் இன்றுவரை வரவில்லை. நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். உங்கள் கம்பெனியிலும் இப்படிச் சந்தேகத்தோடு வெளியே போன ஒருவர் இருந்தால், இந்த வாரமே பேரேட்டைப் பார்த்து, எண்ணைப் போட்டு, கையொப்பமிட்டு, அவருக்கு அந்தத் தாளை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கணினிப் பராமரிப்பாளர்